டபுள் பாஸ்கெட்டுக்கு கிராம் கணக்கு எதுக்கு?

"அண்ணா, தண்டையார்பேட்டைல சின்னதா ஒரு காபி கடை போட்டிருக்கேன். செகண்ட் ஹேண்ட் எஸ்பிரெஸ்ஸோ மிஷின், ஒரு குரூப், 58 மில்லிமீட்டர். கூடவே தூள் போடுற பாஸ்கெட் ரெண்டு குடுத்தாங்க. பெரிசுல ரெண்டு ஸ்கூப் போட்டு அமுக்குறேன். அதே கொட்டை, அதே கிரைண்டர் செட்டிங், ஆனா ஒரு தடவை 15 செகண்ட்ல கொட்டிடுது, அடுத்த தடவை 40 செகண்ட் ஆனாலும் சொட்டு சொட்டாதான் வருது. எல்லாரும் தராசு வாங்குன்றாங்க. ஃபில்டர் காபிக்கு எவன் எடை பாக்குறான்? டபுள் பாஸ்கெட்டுக்கு மட்டும் கிராம் கணக்கு அவ்ளோ முக்கியமா?"

முக்கியம்தான் தம்பி. மிஷினையும் கிரைண்டரையும் பிரித்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஸ்கூப்பைச் சந்தேகப்படுங்க. செட்டிங் மாறாமல் 15 செகண்டும் 40 செகண்டும் மாறி மாறி வருகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போகிற தூளின் எடையைத்தான். தூளைச் சமமாகப் பரப்புகிறோமா, நேராக அமுக்குகிறோமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஃபில்டர் கதை வேறு. அங்கே தண்ணீர் தன் பாரத்தில் மெதுவாக இறங்குகிறது, மேல் பாத்திரத்தில் தாராளமாக இடம் இருக்கிறது, ஒரு ஸ்பூன் கூடிப்போனால் டிகாஷன் கெட்டியாகும், பாலைக் கொஞ்சம் கூட ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம். எஸ்பிரெஸ்ஸோவில் அந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் சுமார் 9 பார் அழுத்தத்தில் வருகிறது, மொத்த வேலையும் அரை நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும், அதுவும் மேலே தண்ணீரைத் தூவி விடுகிற ஷவர் ஸ்க்ரீன், கீழே பாஸ்கெட் என்று இரண்டு பக்கமும் அடைத்த ஒரு சின்ன அறைக்குள். 58 மில்லி பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 9 பார் என்றால் கிட்டத்தட்ட 240 கிலோ பாரம். நாம் டேம்பரால் என்னதான் அமுக்கினாலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த பாரத்துக்கு எதிரே நிற்பது ஒரு விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தூள் வட்டு, பக் என்று சொல்வார்களே, அதுதான். அதனால் அதன் உயரம் கொஞ்சம் மாறினாலும் கீழே வருகிற காபியில் தெரிந்துவிடும்.

இப்போது பாஸ்கெட் விஷயம். 58 என்பது வாயின் அகலம் மட்டும்தான், எவ்வளவு தூள் பிடிக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே 58 வாய்க்கு 14 கிராம், 18 கிராம், 20 கிராம், 22 கிராம் என்று விதவிதமாக டபுள் பாஸ்கெட் வருகிறது, வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. (வீட்டு மிஷின்களில் 51, 54 என்று சின்ன வாயும் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம்.) பழைய இத்தாலியக் கணக்குப்படி சிங்கிளுக்கு 7, டபுளுக்கு 14. இன்றைக்கு நம்ம ஊர் புது கடைகளில் டபுள் என்றால் பெரும்பாலும் 18 பக்கம்தான். நல்ல கம்பெனி பாஸ்கெட் என்றால் பக்கவாட்டிலோ விளிம்பிலோ எண் இருக்கும். மிஷினோடு வருகிற சாதா பாஸ்கெட்டில் பல நேரம் ஒன்றுமே இருக்காது, நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாஸ்கெட்டுக்கு ஒரு கிராம் எண் கொடுக்கிறார்கள் என்றால், அந்த எடையில் தூளைப் போட்டு அமுக்கினால் பக்குக்கும் மேலே ஷவர் ஸ்க்ரீனுக்கும் நடுவில் சரியான இடைவெளி கிடைக்கும் என்று அர்த்தம். காலியிடம் ஏன் வேண்டுமென்றால், தூள் நனைந்ததும் உப்புகிறது, கூடவே உள்ளே இருக்கிற வாயுவும் வெளியேறப் பார்க்கிறது, அதற்கு மேலே கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். எவ்வளவு என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான். இங்கேதான் கிராம் உள்ளே வருகிறது. அமுக்கிய தூளில் ஒரு கிராம், 58 மில்லி வாயில், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தைப் பிடிக்கும். நமக்குக் கிடைத்த இடைவெளியே ஒன்றிரண்டு மில்லி, அதில் இரண்டு கிராம் கூடினால் இடைவெளி மொத்தமும் காலி. VST கம்பெனி தன் 18 கிராம் பாஸ்கெட்டுக்கு ஒரு கிராம் கூடலாம், ஒரு கிராம் குறையலாம் என்று மட்டும் விட்டுக்கொடுப்பது சும்மா இல்லை. சிங்கிளுக்கு இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோ நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு இன்னும் கறார்: 7 கிராம், அரை கிராம் அப்படி இப்படி.

கூடிப்போனால் என்ன ஆகும்? பாஸ்கெட் உட்காருகிற கைப்பிடி, அதாவது போர்ட்டாஃபில்டர், அதை மாட்டும்போதே கை கனக்கும், முழுசாகத் திரும்பாது. திரும்பினாலும் ஸ்க்ரீனும் அதன் நடு ஸ்க்ரூவும் காய்ந்த பக்கின் மேலேயே தேய்த்துக்கொண்டு போய் மேற்பரப்பைக் கிழித்துவிடும். நீங்கள் கஷ்டப்பட்டுச் சமமாக அமுக்கியது அந்த நொடியே வீண். தண்ணீர் கிழிசல் வழியாக ஓட்டை பிடித்துக்கொண்டு இறங்கும், மற்ற இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் சேனலிங் என்கிறார்கள். ரொம்ப நேரம் சொட்டிக்கொண்டே இருந்துவிட்டு திடீரென்று வெளிறிப்போய் ஊற்றும் பாருங்க, அது இதுதான். ஒரே கப்பில் கசப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும், எந்தப் பக்கம் திருத்துவது என்றே புரியாது.

குறைந்துபோனால் வேறு மாதிரி. பக் மெல்லிசு, அதனால் எதிர்ப்பு குறைவு. மேலே இடம் அதிகம், அதனால் தண்ணீர் முதலில் அந்தக் காலியிடத்தை நிரப்பி, மேல்பரப்பைக் கலக்கி, அப்புறம் ஒரேயடியாக இறங்குகிறது. உங்களுடைய 15 செகண்ட் அனேகமாக இந்த வகை. வாயில் வைத்தால் புளிப்பு, நடுவில் உப்பு மாதிரி ஒரு ருசி, விழுங்கின பிறகு ஒன்றுமே நிற்காது.

சரி, ரெண்டு ஸ்கூப் என்பது ரெண்டு ஸ்கூப்தானே, எப்படி மாறும்? வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இதே புகார். காலையில் காபி பிரமாதம், சாயங்காலம் தண்ணி. காலை ஷிஃப்ட் பையன் ஸ்கூப்பைத் தூள் டப்பாவின் ஓரத்தில் வைத்து அழுத்தி வாருவான், சாயங்காலம் வருகிறவர் லேசாக அள்ளிப் போடுவார். இரண்டு பேர் போட்டதையும் தராசில் வைத்துப் பார்த்தால் ஒருவருடையது 19.6, இன்னொருவருடையது 16.8. இரண்டும் கண்ணுக்கு "ரெண்டு ஸ்கூப்"தான். ஸ்கூப் அளப்பது இடத்தை, எடையை இல்லை. அரைத்து உடனே வாரினால் தூள் பொசுபொசுவென்று இருக்கும், கொஞ்ச நேரம் உட்கார்ந்த தூள் அடங்கிப்போயிருக்கும். அதிகம் வறுத்த கொட்டை உப்பி லேசாகிவிடுவதால் அதே ஸ்கூப்பில் எடை குறைவாக நிற்கும், இளம் வறுவல் கனமாக நிற்கும். கிரைண்டரைக் கொஞ்சம் நைசாக்கினால்கூட ஸ்கூப்பில் நிற்கும் எடை மாறும். ஆக நீங்கள் ஓட்டத்தைச் சரிசெய்ய கிரைண்டரைத் திருகும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கே தெரியாமல் டோஸையும் சேர்த்து மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் விடிய விடிய செய்தாலும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

அதனால் முதல் வேலை உங்கள் பெரிய பாஸ்கெட்டுக்கு உங்கள் மிஷினில் எத்தனை கிராம் என்று கண்டுபிடிப்பது. "உங்கள் மிஷினில்" என்று சொன்னதைக் கவனிக்கணும். 18 என்று எழுதிய பாஸ்கெட்டே ஒரு மிஷினில் 17க்கு மேல் ஏற்காது, இன்னொன்றில் 19 தாங்கும், ஸ்க்ரீன் எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்து.

ஆனால் அதற்கும் முன்னால் போர்ட்டாஃபில்டர் மாட்டுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம், குரூப் கேஸ்கெட், அதைப் பாருங்க, செகண்ட் ஹேண்ட் மிஷின் என்பதால் சொல்கிறேன். போர்ட்டாஃபில்டரை மாட்டினால் கைப்பிடி உங்களுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அது நடுவைத் தாண்டி வலது பக்கம் வெகுதூரம் போகிறது என்றால் ரப்பர் தேய்ந்தோ இறுகியோ போய்விட்டது. பாஸ்கெட் வழக்கத்தைவிட மேலே ஏறி ஸ்க்ரீனை நெருங்குகிறது, அதாவது இடைவெளி ஏற்கனவே கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதலில் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு அப்புறம் டோஸ் பாருங்க. வரிசை மாறினால் இன்றைக்குக் கண்டுபிடித்த எண் கேஸ்கெட் மாற்றிய அன்றைக்கே செல்லாமல் போய்விடும்.

டோஸ் பார்ப்பதற்கு மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் ஒன்று போதும், அதன் தடிமன் 2 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. (பழைய வெள்ளை, தடி 5 ரூபாய் வேண்டாம், அது இதைவிட அரை மில்லிக்கு மேல் தடிமன், கணக்கு மாறிவிடும்.) நாணயத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள்ளுங்க. 17 கிராம் தூள் போட்டு, பரப்பி, அமுக்கி, நடு ஸ்க்ரூ படாத இடமாகப் பார்த்து நாணயத்தை மேலே வையுங்க. தண்ணீர் விடாமல் போர்ட்டாஃபில்டரை மாட்டிக் கழற்றுங்க. நாணயம் தூளுக்குள் அழுந்தி இறங்கியிருந்தால் டோஸ் அதிகம். சும்மா மேலேயே உட்கார்ந்திருந்து அடியில் தடமே இல்லையென்றால் இன்னும் இடம் இருக்கிறது, அரை அரை கிராமாக ஏற்றுங்க. லேசாக ஒரு வட்டக் கோடு மட்டும் பதிகிற இடம் எதுவோ அதுதான் உங்கள் எண். சோதித்த தூளை வாடிக்கையாளருக்குப் போட வேண்டாம், கொட்டிவிடுங்க.

காபி எடுத்து முடித்த பிறகு பக்கின் மேல் ஸ்க்ரூ தடம் இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீங்க, நனைந்து உப்பின பிறகு படுவது சகஜம். காய்ந்த நிலையில் படுகிறதா என்பதுதான் கேள்வி. அதே மாதிரி பக் சேறாக வருகிறது, அப்போ டோஸ் குறைவு என்பதும் முழு உண்மை இல்லை. ஷாட் முடிந்ததும் மேலே தேங்கிய அழுத்தத்தையும் தண்ணீரையும் வெளியே விடுகிற வால்வு சில சின்ன மிஷின்களில் கிடையாது, அதில் எத்தனை கிராம் போட்டாலும் சேறுதான்.

உங்கள் பாஸ்கெட் 18இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் 18ஐத் தொடவே கூடாது. கீழே கப்பையும் தராசில் வைத்து, 36 கிராம் காபி இறங்கியதும் நிறுத்துங்க, அதாவது தூளைப்போல இரண்டு மடங்கு. நேரம் 25 முதல் 30 செகண்டுக்குள் வருகிறதா என்று பாருங்க. முதல் ஷாட் 19 செகண்டில் 36ஐத் தொட்டுவிட்டது என்றால் கிரைண்டரை ஒரு படி நைசாக்குங்க. திருகிய உடனே அரைபடுவதில் பழைய பரும்பொடி கொஞ்சம் கலந்து வரும், அதனால் முதல் ஒரு டோஸைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்க. இப்போது 33 செகண்ட் ஆகிறதா, பாதிப் படி பின்னால் வாங்க. 27இல் வந்து நின்றால் அங்கேயே விட்டுவிட்டு ருசி பாருங்க. இந்த மொத்த வேலையிலும் மாறியது அரைவை ஒன்றுதான், அதனால்தான் நாலு ஷாட்டுக்குள் வழிக்கு வருகிறது.

அப்படி நிறுத்திய பிறகு வேண்டுமென்றே ஒரு தடவை 17 போட்டும் ஒரு தடவை 19 போட்டும் எடுத்துப் பாருங்க, கிரைண்டரைத் தொடாமல். 17 போட்டது 22, 23 செகண்டில் ஓடிவரும், 19 போட்டது 32ஐத் தாண்டும். எண்கள் உங்கள் மிஷினில் கொஞ்சம் வேறாக இருக்கலாம், போகும் திசை மாறாது. ஒரு கிராம் என்பது 18இல் பதினெட்டில் ஒரு பங்குதான், நேரம் மட்டும் அதைவிட அதிகமாக ஆடுகிறது. ஏனென்றால் பக்கின் உயரமும் மேலே இருக்கும் இடைவெளியும் ஒரே நேரத்தில் எதிரெதிராக மாறுகின்றன. கூடவே பட்டனை அழுத்தினால் இவ்வளவு தண்ணீர் என்று செட் செய்த மிஷினாக இருந்தால், தூள் எவ்வளவு போட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது, கிட்டத்தட்ட அதே 36ஐத்தான் தரும். 16.8 போட்ட கப் நீர்த்தும் 19.6 போட்ட கப் குறுகியும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தராசு பற்றி. 0.1 கிராம் காட்டினால் போதும், நகைக்கடை மாதிரி 0.01 எல்லாம் தேவையில்லை. சௌகார்பேட்டைப் பக்கம் சின்னப் பாக்கெட் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்க. 58 மில்லி போர்ட்டாஃபில்டரே அரைக் கிலோ பக்கம் வரும், 200 கிராம் தராசில் அதை வைத்தால் திரையில் எழுத்துதான் வரும், எண் வராது. அப்படிச் சின்னத் தராசுதான் இருக்கிறதென்றால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்கி, தூளை அதில் எடை போட்டு, பிறகு பாஸ்கெட்டில் கொட்டுங்க. ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீங்க, காற்றிலேயே எண் ஆடும். டைமர் வைத்த கிரைண்டர் இருக்கிறதே, இத்தனை செகண்டுக்கு 18 கிராம் என்று செட் செய்துவிட்டேனே என்று நினைத்தால், காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவையாவது எடை போட்டுப் பாருங்க. மேலே கொட்டை நிறைய இருக்கும்போதும் அடியில் ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கும்போதும் ஒரே செகண்டில் விழும் தூள் ஒன்றாக இருக்காது. கடல் பக்கம் என்பதால் மழை நாட்களில் கொட்டை ஈரம் பிடிக்கும், அரைபடுகிற விதமே கொஞ்சம் மாறிவிடும். ராத்திரி கொட்டையை மேலேயே விட்டுவிட்டுப் போகாமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்க.

பால் கலந்து சர்க்கரை போட்டுத்தானே போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். குறைவாகப் போட்டது பாலில் காணாமலே போகும், வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா" என்பார். அதிகமாகப் போட்டு அடைத்துக்கொண்டு வந்த கசப்பை மட்டும் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது. காசுக் கணக்கும் இருக்கிறது: 18 கிராமில் ஒரு கிலோ கொட்டைக்கு 55 ஷாட், கை தாராளமாகி 20 ஆனால் 50. கிலோவுக்கு ஐந்து கப் எங்கே போனதென்றே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கொட்டை தீர்ந்த அவசரத்துக்கு பக்கத்துக் கடை ஃபில்டர் காபித் தூளை இந்த பாஸ்கெட்டில் போட்டு ஓட்டாதீங்க. சிக்கரி கலந்தது என்றால் நனைந்ததும் பசை மாதிரி ஆகி ஓட்டைகளை அடைக்கும். சிக்கரி இல்லாத பீபெரித் தூளாகவே இருந்தாலும் அரைவை ஃபில்டருக்கானது, 18 கிராம் துல்லியமாகப் போட்டாலும் பத்து செகண்டில் கொட்டிவிடும். டோஸ் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இல்லை. டோஸ் அசையாமல் நின்றால்தான் அரைவையில் என்ன கோளாறு என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக அந்தச் சின்ன பாஸ்கெட். அது அனேகமாக 7 கிராம் சிங்கிள், கீழே போகப் போகக் குறுகி நடுவில் மட்டும் ஓட்டைகள் இருக்கும். அதில் அரை கிராம் பிசகினால் டபுளில் ஒரு கிராமுக்கு மேல் பிசகினதற்குச் சமம், அரைவையும் தனியாக வைக்க வேண்டும், ஒரு கிரைண்டர் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டுவது ரொம்பக் கஷ்டம். இரண்டு மூக்கு போர்ட்டாஃபில்டரில் 18 கிராம் டபுளை எடுத்து இரண்டு டம்ளருக்குப் பிரித்துக்கொள்ளுங்க, ஆளுக்கு 18 கிராம் காபி வரும், சின்ன டம்ளருக்கு அது தாராளம். ஒரே ஆள் வந்து சின்னதாகக் கேட்டால் ஒரு பாதி வீணாகும்தான், சிங்கிளோடு மல்லுக்கட்டி இரண்டு மூன்று ஷாட் கொட்டுவதைவிட அது மலிவு.

இந்த வாரம் கேஸ்கெட்டைப் பார்த்துவிட்டு, நாணயம் எத்தனை கிராமில் கோடு போட்டது என்று சொல்லுங்க. பாஸ்கெட்டை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் அடி ஓட்டைகளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.